மாவிளக்கு: ஈரம் அறிந்தால் விளக்கு நிற்கும்

புரட்டாசி பிறந்ததும் திருப்பதிப் பெருமாளைக் குலதெய்வமாகக் கொண்ட வீடுகளில் ஒரு கேள்வி எழும். "இந்த வருஷம் எந்தச் சனிக்கிழமை மாவிளக்கு?" சில வீடுகளில் முதல் சனி, சில வீடுகளில் மூன்றாம் சனி. தளிகை போடும் வீடுகளில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும். நாமம் இட்ட சொம்பை ஏந்தி, அக்கம்பக்கத்து வீடுகளில் "கோவிந்தா" சொல்லி அரிசி வாங்கிவந்து, அந்த அரிசியையும் சேர்த்துக்கொள்வது இன்றும் பல ஊர்களில் உண்டு. ஆடி வெள்ளியிலும் தை வெள்ளியிலும் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுப்பார்கள். முருகனுக்குத் தினை மாவில் ஏற்றுவார்கள். வயிற்றுவலி தீர வேண்டிக்கொண்டவர்கள் அம்மன் சந்நிதியில் படுத்து, வயிற்றின்மேல் வாழையிலை பரப்பி, அதன்மேல் மாவிளக்கை ஏற்றிக்கொள்ளும் நேர்த்திக்கடனும் இருக்கிறது. அவற்றுக்கெல்லாம் தனித்தனி முறைகள். இங்கே எழுதுவது பூஜையறையில் ஏற்றும் புரட்டாசி மாவிளக்கைப் பற்றி மட்டும்.

பச்சரிசி, வெல்லம், ஏலக்காய், நெய், ஒரு திரி. இவ்வளவுதான் சாமான். அடுப்பே பற்றவைக்க வேண்டாம். ஆனாலும் சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல்தான். மாவு உருண்டை பிடிக்க வரவில்லை, விளிம்பு வெடிக்கிறது, நெய் கீழே கசிகிறது, திரி சடசடக்கிறது, ஏற்றிப் பத்து நிமிஷத்தில் விளக்கு ஒரு பக்கம் சரிகிறது. இவற்றில் பெரும்பாலானவை திரி ஏற்றும்போது வரும் கோளாறுகள் அல்ல. அரிசியைத் துணியிலிருந்து எந்த ஈரத்தில் அள்ளினோம் என்பதிலேயே அவை முடிவாகிவிடுகின்றன.

காரணம் எளிது. கோதுமை மாவைப் பிசைந்தால் அது தானாக இழுத்துப் பிடிக்கும். அரிசி மாவுக்கு அந்தக் குணம் கிடையாது. கொழுக்கட்டைக்கு வெந்நீர் ஊற்றி அதைப் பிடிக்க வைக்கிறோம். மாவிளக்கில் சுடவைப்பதில்லை, தண்ணீரும் ஊற்றுவதில்லை. அரிசிக்குள் தங்கிய ஈரம் வெல்லத்தை இளக்க, இளகிய வெல்லம் மாவுத் துகள்களைச் சுற்றிப் பிசினாகப் பிடிக்கிறது. விளக்கைத் தாங்கி நிற்பது அந்தப் பிசின்தான். ஈரம் குறைந்தால் வெல்லம் இளகாது, மாவு உதிரும். ஈரம் கூடினால் வெல்லம் பாகாகவே ஓடிவிடும், விளக்கு உட்கார்ந்துவிடும். கடையில் விற்கும் பச்சரிசி மாவைப் பாக்கெட்டிலிருந்து கொட்டிப் பிசைந்து ஏமாந்து போகிறவர்களுக்கும் இதுதான் விடை. அந்த மாவு நன்றாகக் காய்ந்தது, வெல்லத்தை இளக்க அதில் ஈரமே இல்லை. பாலோ தண்ணீரோ தெளித்துச் சமாளிக்கலாம். ஆனால் தெளித்த ஈரம் மேலோடு நின்று, விளக்கு சீக்கிரமே வெடிக்கும்.

இரண்டு விளக்குக்கு 200 கிராம் பச்சரிசி போதும், அதாவது ஏறக்குறைய ஒரு டம்ளர். புழுங்கலரிசி கலந்திருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஊர் சுற்றி வாங்கிய அரிசியில் இது கட்டாயம் இருக்கும். புழுங்கலரிசி நெல்லிலேயே ஒருமுறை வெந்தது, அதனால் கெட்டி. பச்சரிசி ஊறும் நேரத்தில் அது ஊறாது, மாவில் நறநறவென்று தங்கும். கலந்து கிடப்பதைத் தளிகைச் சாதத்துக்குச் சேர்த்துவிட்டு, மாவிளக்குக்குச் சுத்தப் பச்சரிசியைத் தனியாக எடுத்துக்கொள்வதே சுலபம்.

இரண்டு மூன்று தடவை களைந்து, மூழ்கத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பழைய அரிசி என்றால் இரண்டு மணி நேரம். ஊறியதை வடிதட்டில் கொட்டிப் பத்து நிமிஷம் வடியவிட்டு, பிறகு சுத்தமான வெள்ளை வேட்டித் துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். நிழலில்தான் உலர வேண்டும். வெயிலில் போட்டால் மேல்பக்கம் முறுகிக் காய்ந்து, உள்ளே ஈரம் நிற்கும். அடுத்த பதினைந்து இருபது நிமிஷம்தான் மாவிளக்கின் உயிர்நாடி. துணியைவிட்டு நகர வேண்டாம் என்றே சொல்வேன்.

பதம் பார்க்க இரண்டு வழி. உள்ளங்கையை அரிசியின்மேல் அழுத்தி எடுத்தால் நாலைந்து மணி கையில் ஒட்டி வரவேண்டும், ஆனால் கை நனையக்கூடாது. அடுத்து, ஒரு மணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குங்கள். மாவாக நொறுங்க வேண்டும். "டக்" என்று இரண்டாக உடைந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கூழாக வழிந்தால் இன்னும் கொஞ்சம் உலரட்டும். மழை நாளில் இருபது நிமிஷம் அரை மணியாகும். மின்விசிறியை வேகமாக வைத்தால் பத்து நிமிஷத்திலேயே தாண்டிப்போகும். அதனால் கடிகாரத்தை நம்பாமல் விரலை நம்புங்கள்.

உரலில் இடிப்பவர்கள் இன்றைக்கு அபூர்வம். மிக்ஸியில் அரைப்பதில் குற்றமில்லை, ஆனால் ஒரு எச்சரிக்கை. மொத்த அரிசியையும் ஒரே தடவையில் போட்டு நிறுத்தாமல் ஓட்டினால் ஜார் சூடாகி, அரிசியின் ஈரம் ஆவியாகப் போய்விடும். இரண்டு மூன்று பங்காகப் பிரித்து, விட்டுவிட்டு ஓட்டிச் சலியுங்கள். சலித்த மாவை ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். விரல் தடம் பதிந்து, பிடித்த வடிவிலேயே நிற்கவேண்டும், ஒரு தட்டுத் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மாவைத் திறந்து வைக்காமல் உடனே மூடிவிடுங்கள், விட்டால் அதுவும் காயும்.

அடுத்தது வெல்லம். பாயசத்துக்கு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி மண்ணை நீக்கிவிடலாம். இங்கே அதற்கு வழியில்லை, போடுவது அப்படியே வாய்க்குப் போகிறது. அதனால் வெல்லம் வாங்கும்போதே ஒரு சிறு துண்டை வாயில் போட்டுக் கரையவிட்டுப் பாருங்கள். கடைசியில் நாக்கில் நறநறத்தால் வேறு கடை பார்க்கலாம். பளீரென்று மஞ்சளாக மின்னும் வெல்லத்தைவிடப் பழுப்பு நிற வெல்லம் தேவலை. அந்தப் பளபளப்பில் பாதி, நிறம் வெளுக்கப் போடும் ரசாயனத்தால் வருவது. 200 கிராம் அரிசிக்கு 140 கிராம் வெல்லம் என் கணக்கு. சிலர் அரிசிக்குச் சமமாகவே போடுவார்கள். இனிப்பு தூக்கலாக இருக்கும், ஆனால் மாவு இளகி விளக்கு நிற்க மறுக்கும். நாட்டுச் சர்க்கரை போடும் வழக்கமுள்ள வீடுகளில் மாவு சற்றுக் காய்ச்சலாக வரும், அங்கே அரிசியை இன்னும் கொஞ்சம் ஈரத்தோடு எடுத்தால் சரியாகிவிடும்.

வெல்லத்தைத் தட்டிப் போடாதீர்கள், துருவுங்கள், அல்லது கட்டியில்லாமல் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். இது வெறும் நேர்த்திக்காகச் சொல்வதில்லை. மிளகு அளவு கட்டி ஒன்று விளக்கின் சுவரில் ஒளிந்திருந்தால், தீபம் எரியும் சூட்டில் அது உருகி ஒரு துளை விடும். நெய் அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும். "குழியெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, நெய் எங்கே போகிறதென்றே தெரியவில்லை" என்று சொல்பவர்கள் வெல்லக் கட்டியைச் சந்தேகிக்கலாம்.

மாவில் வெல்லத்தையும் நாலு ஏலக்காய்ப் பொடியையும் ஒரு சிட்டிகை சுக்குப் பொடியையும் போட்டு விரல் நுனிகளால் உதிர்த்துக் கலக்குங்கள். முதலில் பார்த்தால் இது சேரவே சேராது என்று தோன்றும். புதிதாகச் செய்கிறவர்கள் பதறிப்போய்த் தண்ணீர்ச் சொம்பைத் தேடுவது இந்த இடத்தில்தான். மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் வேறு வேலை பாருங்கள். திறக்கும்போது மாவின் நிறமே மாறியிருக்கும், வெல்லம் இளகிப் பழுப்பேறியிருக்கும். இப்போது உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்தால் ஒன்றாகச் சேர்ந்து வரும். அப்படியும் உதிர்ந்தால் காய்ச்சாத பாலை விரலால் தொட்டுத் தொட்டுத் தெளியுங்கள், கரண்டியால் ஊற்றாதீர்கள். மாறாக, மாவு கையில் பிசுபிசுத்தால் கடை அரிசி மாவு ஒரு ஸ்பூன் சேர்க்கலாம். பாக்கெட் மாவுக்கு இந்தச் சடங்கில் உள்ள ஒரே நல்ல வேலை இதுதான்.

நெய்யை எப்போது சேர்ப்பது என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை உண்டு. மாவிலேயே தாராளமாக விட்டால் மணக்கும் என்பது ஒரு கட்சி. மணக்கும்தான். ஆனால் நெய் முதலிலேயே மாவுத் துகள்மேல் பூசிக்கொண்டால் வெல்லத்தின் பிசின் ஒட்டாது, விளக்கு பொலபொலக்கும். மாவு சேர்ந்து வந்த பிறகு, கடைசியாக, கையில் தடவிக்கொள்ளும் அளவுக்கு ஒரு ஸ்பூன் போதும். மணத்துக்கு வேண்டிய நெய்யை விளக்கு எரிந்து முடிவதற்குள் மாவு தானே குடித்துக்கொள்ளும்.

இனி உருவம் பிடிக்கலாம். எலுமிச்சை அளவு மாவைத் தனியாக எடுத்து மூடி வையுங்கள், அது பின்னால் உதவும். மீதியை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு சாத்துக்குடி அளவு வரும். வெடிப்புத் தெரியாமல் உருட்டி, தட்டில் விரித்த வாழையிலையின்மேல் லேசாகத் தட்டி உட்கார வையுங்கள். அடி பரந்திருந்தால் சரியாது. இடது கையால் உருண்டையைச் சுற்றி அணைத்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் நடுவில் அழுத்திக் குழி செய்யுங்கள். ஒரே அழுத்தாக அழுத்தினால் விளிம்பு பிளக்கும். கொஞ்சம் அழுத்தி, இலையைத் திருப்பி, மறுபடி கொஞ்சம் அழுத்தி என்று சுற்றிச் சுற்றி வரவேண்டும். குழி உருண்டையின் பாதி உயரத்துக்கு மேல் இறங்கக்கூடாது. சுவர் ஒரு விரல் தடிமன் இருக்க வேண்டும். அழகுக்காகச் சுவரை மெலிதாக்குகிறவர்கள் பிறகு வருத்தப்படுவார்கள். விளிம்பில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் நெய் தொட்ட விரலால் நீவிவிடுங்கள்.

குழியின் உள்சுவருக்கு உறைந்த நெய்யால் ஒரு பூச்சு கொடுப்பது எங்கள் அத்தையின் பழக்கம். "சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடிடி, அப்பத்தான் விட்ட நெய் நிக்கும்" என்பார். அதில் இரட்டைப் பயன் இருக்கிறது. ஊற்றும் நெய் மாவுக்குள் இறங்காது. மாவின் ஈரமும் நெய்யில் கலக்காது. திரி சடசடப்பது அந்த ஈரத்தால்தான். நெய்யில் சேர்ந்த நீர் திரியில் ஏறி, சுடரருகே ஆவியாகி வெடிக்கிறது. பூசிய பிறகு விளக்கைக் கால் மணி நேரம் திறந்து வையுங்கள். மேல்பரப்பு சற்று உலர்ந்து இறுகும்.

சந்தனமும் குங்குமமும் வெளிப்பக்கம் ஒரு பொட்டு போதும். சாப்பிடப் போகிற மாவு இது. கடைக் குங்குமத்தின் நிறம் வயிற்றுக்கு நல்லதென்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். அதே காரணத்துக்காக இன்னும் இரண்டு விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். பூஜைக் கடைகளில் "தீபத்துக்கு மட்டும்" என்று போட்டு விற்கும் நெய்யும் எண்ணெயும் சாப்பிடத் தகுந்தவை அல்ல, பாக்கெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். மற்ற விளக்குகளுக்கு அது போகட்டும். மாவிளக்குக்கு நீங்கள் சாதத்தில் விட்டுக்கொள்ளும் நெய்தான் வேண்டும். சீக்கிரம் பற்றட்டும் என்று திரி நுனியில் கற்பூரம் நுணுக்கி வைப்பதையும் இங்கே விட்டுவிடுங்கள். ஆரத்திக் கற்பூரம் உண்ணக்கூடியதல்ல.

திரிக்கு வருவோம். அகலில் போடுவதுபோல நீளத் திரியைப் படுக்கப் போட்டு நுனியை விளிம்பில் சாய்த்தால், சுடர் நேராக மாவுச் சுவரைச் சுடும். அந்த இடத்தில் வெல்லம் கருகி, சுவர் இளகி உடையும். மாவிளக்குக்கு ஏற்றது நடுவில் நிமிர்ந்து நிற்கும் பூத்திரி. கடையில் கிடைக்கிறது, கையாலும் செய்யலாம். கொட்டையும் தூசும் இல்லாத பஞ்சைக் கோலிக்குண்டு அளவு எடுத்து, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வட்டமாகப் பிரியுங்கள். நடுப்பஞ்சை மேலே இழுத்து, விரலில் விபூதி தொட்டுக்கொண்டு இறுக்கித் திரித்தால் கீழே குடையும் மேலே காம்புமாக நிற்கும். காம்பு இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் சுடர் பெரிதாகிப் புகையும்.

செய்த திரியை உருக்கிய நெய்யில் பத்து நிமிஷமாவது ஊறவிட்டு, விளக்கேற்றும் நேரத்தில்தான் குழியில் வைக்க வேண்டும். காலையிலேயே திரியையும் போட்டுத் தயாராக வைத்துவிட்டுப் பூஜைக்கு மதியம் உட்கார்ந்தால், அதற்குள் பஞ்சு வெல்லப் பாகை உறிஞ்சியிருக்கும். அப்புறம் எத்தனை தீக்குச்சி கிழித்தாலும் பற்றாது. நெய்யைச் சூடாக ஊற்றாதீர்கள். கொதிக்கும் நெய் பட்டால் பூச்சும் கரையும், வெல்லமும் கரையும். உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதை இரண்டு டீஸ்பூன் அளவு விடுங்கள். திரியின் காம்பு நெய் மட்டத்துக்கு மேலே கால் அங்குலம் தெரிந்தால் சரி. கூடுதலாக நீட்டினால் சுடர் ஓங்கி நெய் மளமளவென்று தீரும். குறைந்தால் திரி நெய்யில் மூழ்கி அணையும்.

ஏற்றுவதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள். காற்றில் சுடர் ஒரே பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கச் சுவர் மட்டும் சூடேறி இளகத் தொடங்கும். முதல் அடையாளம் நிறம். சுவரில் ஓரிடம் மட்டும் ஈரம் பட்டதுபோலக் கருத்து மினுங்கும். பிறகு அங்கே வெளிப்பக்கம் நெய் வியர்க்கும். அப்போதே தனியாக எடுத்து வைத்த எலுமிச்சை அளவு மாவிலிருந்து ஒரு துண்டைத் தட்டையாக்கி, அந்த இடத்தில் வெளியிலிருந்து அப்பி அழுத்திவிட்டால் விளக்கு பிழைத்துக்கொள்ளும். நெய் கோடாக வழியும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் அப்புறம் அடைக்க முடியாது. அந்நிலையில் குழியின் நெய்யைக் கரண்டியால் கொஞ்சம் எடுத்து மட்டத்தைக் குறைப்பதுதான் வழி. மேற்கொண்டு நெய் விடுவதானால் சுடரின்மேல் விடாமல், குழியின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும்.

நெய் தீர்ந்து சுடர் தானாக அடங்குவதை "மலையேறிற்று" என்பார்கள். வாயால் ஊதி அணைப்பதில்லை. ஆனால் நெய் வற்றிய பிறகும் திரி கனன்றுகொண்டே இருந்தால் அடிமாவு கரியாகிவிடும். குழியின் அடி பொன்னிறமாகிக் கருகல் வாசனை தலைகாட்டும்போது, பூவால் அமர்த்திவிடும் வீடுகளும் உண்டு. எனக்கு அதுவே சரியென்று படுகிறது. திரியையும் அதைச் சுற்றிக் கருகிய மாவையும் ஸ்பூனால் சுரண்டி எடுத்துவிட்டு, மீதியை உதிர்த்து, நெய்யோடு சேர்த்துப் பிசைந்து, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் கலந்தால் பிரசாதம் தயார்.

அதை அதிகம் கொடுத்துவிடாதீர்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. பச்சை அரிசி மாவு செரிக்க நேரமாகும், ஒரு சின்ன உருண்டை போதும். சுக்கு போடுவதும் அதற்குத்தான். ஊறிய அரிசியும் வெல்லமும் சேர்ந்த மாவு என்பதால் வெளியில் வைத்தால் சாயங்காலத்துக்குள் புளிப்பு வாடை வரும். தேங்காய் கலந்தது இன்னும் சீக்கிரம் கெடும். அன்றைக்கே தீராது என்று தெரிந்தால் தேங்காய் கலக்காத மாவை ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை ஒரு கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்து, இட்லி மாவுப் பதத்துக்குத் தண்ணீர் விட்டுக் கரைத்து, பணியாரக் குழியில் நெய் விட்டுச் சுட்டுவிடுங்கள். அதற்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.